தலைதீபாவளிக்கு கார் கேக்குற அத்தை, நடுவுல மாட்டிக்கிட்ட மாப்பிள்ளை: ஒரு வக்கீலோட பதில்

வாசகர் கடிதம்

வணக்கம் மேடம். எனக்கு 29 வயசு, கல்யாணம் ஆகி நாலு மாசம் ஆகுது. அப்பாவோட அக்கா, நாங்க பெரியத்தைன்னு கூப்பிடுவோம், எங்க கூடவேதான் இருக்காங்க, வீட்டுல அவங்க வச்சதுதான் சட்டம். பொண்ணு வீட்டுல 40 பவுன் போடுறதா பேசி 30 பவுன்தான் போட்டாங்க, பாக்கி 10 பவுனும் தலைதீபாவளிக்கு ஒரு காரும் வந்தாகணும்னு தினமும் பேச்சு. என் மனைவி நகை எல்லாம் அத்தை பீரோவுலதான் இருக்கு. மாமனார்கிட்ட ஒரு தடவை நானே "அத்தை கேக்குறாங்க மாமா"ன்னு சொல்லிட்டேன், அவர் கடன் வாங்க அலையுறார். கல்யாண மண்டபத்துக்கு அத்தை இரண்டரை லட்சம் குடுத்தாங்க, அதனால அப்பா வாயே திறக்க மாட்டேங்குறார். இது சீர்தானே, வரதட்சணை இல்லையே? கேக்குறது அத்தை, நான் இல்லையே? பேசாம நானே பர்சனல் லோன் போட்டு பழைய கார் ஒண்ணு வாங்கி, மாமனார் வாங்கித் தந்ததா சொல்லிட்டா பிரச்னை முடிஞ்சிரும்னு தோணுது. என் மனைவி முந்தாநாள் "நான் இல்லாம போனா எல்லாருக்கும் நிம்மதி"ன்னு சொன்னா. என்ன பண்றது?

பதில்

தம்பி, நீங்க கடைசியா எழுதின வரியில இருந்து ஆரம்பிக்கிறேன், மத்ததெல்லாம் ரெண்டு நாள் காத்திருக்கும், அது காத்திருக்காது. "நான் இல்லாம போனா"ன்னு ஒரு பொண்ணு சொன்னா அது கோவத்துல சொன்னதா, நெஜமாவே மனசு ஒடஞ்சு சொன்னதான்னு வெளிய இருந்து யாராலயும் சொல்ல முடியாது. இன்னைக்கு ராத்திரியே அவங்ககிட்ட நேரா கேளுங்க, "செத்துப் போகணும்னு தோணுதா"ன்னு அந்த வார்த்தையையே போட்டு கேக்கலாம், கேட்டா அந்த எண்ணம் வந்துரும்னு பயப்பட வேண்டாம், அது தப்பான நம்பிக்கை. ஆமான்னு சொன்னாலோ, சாப்பிடாம தூங்காம இருந்தாலோ, தனியா விடாதீங்க, ஒரு மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, அவங்க விருப்பப்பட்டா கொஞ்ச நாள் அம்மா வீட்டுல இருக்கட்டும், நீங்களும் கூடப் போய் இருங்க. கூடப் போகணும்ங்கிறதுதான் முக்கியம். தனியா அனுப்பி வச்சீங்கன்னா "பாக்கியை வாங்கிட்டு வான்னு அனுப்பிட்டாங்க"ன்னு அவங்களுக்கும் தோணும், ஊருக்கும் தோணும்.

இனி உங்க மூணு கேள்விக்கு வருவோம்.

சீர்னு சொன்னா வரதட்சணை இல்லையா?

இதுல பாதி உண்மை இருக்கு, அதனாலதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. 1961ஆம் வருஷத்து வரதட்சணைத் தடைச் சட்டம், கல்யாணத்துக்கு முன்னாடியோ, கல்யாணத்தப்பவோ, அதுக்கு அப்புறம் எப்பவோ, கல்யாணத்தைக் காரணமா வச்சு குடுக்குற, குடுக்க ஒத்துக்குற சொத்தைத்தான் வரதட்சணைன்னு சொல்லுது. தாலி கட்டியாச்சு, இனி கேட்டா அது வரதட்சணை ஆகாதுன்னு நினைக்கிறது அப்படியே தப்பு. உங்க கேஸ்ல அந்த 10 பவுன் பாக்கி இருக்கு பாருங்க, அதுல சந்தேகமே இல்ல, கல்யாணப் பேச்சுல பேசுன நகை, அது சுத்தமான வரதட்சணை. இன்னொண்ணு, வரதட்சணை குடுக்குறேன் வாங்குறேன்னு போட்ட ஒப்பந்தம் செல்லாதுன்னு அதே சட்டத்துல 5ஆவது பிரிவு சொல்லுது. அதனால "பாக்கி"ங்கிற வார்த்தையே இங்க பொருந்தாது. உங்க மாமனார் யாருக்கும் 10 பவுன் கடன்படல.

கார் விஷயம் கொஞ்சம் வேற. வளைகாப்பு, குழந்தை பொறக்குறது மாதிரி சடங்குகளுக்கு வழக்கமா செய்யுறது இந்தச் சட்டத்துல சொல்ற வரதட்சணை ஆகாதுன்னு 2001ல சத்வீர் சிங் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. மாமனார் தலைதீபாவளிக்கு அவரா ஆசைப்பட்டு மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை, மோதிரம்னு தன் வசதிக்கு ஏத்தபடி செஞ்சா யாரும் கேஸ் போட முடியாது. ஆனா "வந்தாகணும்"னு ஒரு காரைக் கேட்டு, அது வர்ற வரைக்கும் அந்தப் பொண்ணை தினமும் குத்திக் காட்டுறது வழக்கமான சீர் இல்ல. அதை வரதட்சணைன்னு கோர்ட் எடுத்துக்குதோ இல்லையோ, வேற ஒரு பிரிவு அங்க காத்துக்கிட்டு இருக்கு. முன்னாடி ஐ.பி.சி. 498ஏ, இப்போ 2024 ஜூலையில இருந்து பாரதிய நியாய சன்ஹிதா 85, 86. அதுல வரதட்சணைங்கிற வார்த்தையே இல்ல. மனைவியையோ அவங்க சொந்தக்காரங்களையோ சட்டவிரோதமா ஏதாவது சொத்தோ பணமோ தர வைக்கிறதுக்காக அந்தப் பொண்ணைத் தொல்லை பண்ணா அது கொடுமை, மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், அபராதமும் உண்டு. பேரை மாத்தி சீர்னு சொன்னா தப்பிக்கலாம்னு யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தா நம்பாதீங்க. 2022லயும் ஒரு வழக்குல, வீடு கட்ட பணம் கேட்டதைக்கூட வரதட்சணைக் கோரிக்கைதான்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

கேக்குறது அத்தை, நான் இல்லையே?

வரதட்சணைச் சட்டத்தோட 4ஆவது பிரிவு "எந்த ஒரு நபரும்"னுதான் ஆரம்பிக்குது. மாப்பிள்ளை, மாமியார்னு பிரிச்சு எழுதல, அதனால பெரியத்தை நேரடியா அதுக்குள்ள வர்றாங்க, கேட்டதுக்கே குறைஞ்சது ஆறு மாசம், அதிகபட்சம் ரெண்டு வருஷம் தண்டனை, 10,000 ரூபாய் வரைக்கும் அபராதம். வாங்கணும்னு கூட அவசியம் இல்ல, கேட்ட உடனே அது குற்றம் ஆயிடுது. வாங்குனா கதை இன்னும் பெருசு, 3ஆவது பிரிவுல குறைஞ்சது அஞ்சு வருஷம்.

ஆனா அந்த 4ஆவது பிரிவுல "நேரடியாவோ மறைமுகமாவோ"ன்னு இன்னொரு வார்த்தை இருக்கு. நீங்க மாமனார்கிட்ட போய் "அத்தை கேக்குறாங்க மாமா"ன்னு சொன்னப்போ என்ன நடந்துச்சு? உங்க மனசுல நீங்க ஒரு தகவல் சொன்னீங்க. அவர் காதுல மாப்பிள்ளை கேக்குறார்னு விழுந்துச்சு, அதனாலதான் கடன் வாங்க அலையுறார். நாளைக்கு போலீஸ் ஸ்டேஷன்ல எழுதுற புகார்ல அந்த வரி எப்படி வரும்னு யோசிச்சுப் பாருங்க. "மருமகன் வந்து அத்தை கேட்பதாகச் சொல்லிப் பணம் கேட்டார்." நான் பாத்த இந்த மாதிரி வழக்குகள்ல கெட்டவங்க கொஞ்ச பேர்தான், தூது போனவங்கதான் அதிகம். இனிமே ஒரு தடவைகூட அத்தை சொன்னதை அந்த வீட்டுக்குக் கொண்டு போகாதீங்க.

அதே நேரம், வீட்டுல இருக்குற எல்லாரையும் மொத்தமா இழுத்துப் போட்டா உள்ள தள்ளிருவாங்கங்கிற பயமும் வேண்டாம். யார் எப்போ என்ன சொன்னாங்க, என்ன செஞ்சாங்கன்னு குறிப்பா இல்லாத குற்றச்சாட்டை கோர்ட் ஏத்துக்கிறது இல்ல, புகார் வந்ததும் யோசிக்காம கைது பண்ணக் கூடாதுன்னும் 2014ல அர்னேஷ் குமார் வழக்குல உத்தரவு இருக்கு. நீங்க உண்மையிலேயே எதிர்த்துப் பேசுனவர்னா அது தெரியும். பேசாம இருந்தவர்னா அதுவும் தெரியும்.

லோன் போட்டு கார் வாங்குற யோசனை

இதை நீங்க அன்புலதான் யோசிச்சிருக்கீங்க, புரியுது. ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. அஞ்சு லட்சம் லோன், 14 சதவீதம் வட்டி, நாலு வருஷம்னு வச்சுக்கிட்டா மாசம் 13,600 சொச்சம் இ.எம்.ஐ. புது குடும்பத்துல இருந்து நாலு வருஷத்துக்கு அந்தப் பணம் போகும், எதுக்குன்னு வெளிய சொல்லவும் முடியாது. அதைவிட மோசம், அந்தக் கார் வாசல்ல வந்து நின்ன அன்னைக்கு அத்தைக்கு ஒரு பாடம் கிடைக்கும், கேட்டா வருது. அடுத்து வளைகாப்பு, அப்புறம் குழந்தைக்கு காதுகுத்து, அப்பவும் லோன் போடுவீங்களா? உங்க மனைவி தினமும் "எங்கப்பா வாங்கிக் குடுத்த கார்"னு ஒரு பொய்யை வீட்டுல எல்லார் முன்னாடியும் சொல்லிக்கிட்டே இருக்கணும். நாளைக்கே ஏதாவது பிரச்னைன்னு வந்துட்டா, மாமனார் கார் குடுத்ததா நீங்களே ஊருக்கு சொல்லி வச்சிருப்பீங்க, வரதட்சணை வாங்குனதுக்கு நீங்களே சாட்சி உண்டு பண்ணுன மாதிரி ஆயிடும். வேண்டாம்.

அந்த இரண்டரை லட்சம்

என்னைக் கேட்டா உங்க வீட்டு முடிச்சு இங்கதான் இருக்கு. அத்தை மண்டபத்துக்குப் பணம் குடுத்தாங்க, அது அன்பளிப்பா கடனான்னு யாரும் பேசல, அப்பா அதை மனசுல சுமந்துக்கிட்டு தலை குனிஞ்சு நிக்கிறார், அத்தை அந்தப் பணத்தை பொண்ணு வீட்டுல இருந்து வசூல் பண்ணப் பாக்குறாங்க. கேக்குறவங்க எல்லாரும் பேராசைக்காரங்கன்னு நான் சொல்ல மாட்டேன். நம்ம காசு போச்சேங்கிற பயத்துல கேக்குறவங்களும் உண்டு, அதுக்காக அவங்க கேக்குறது சரின்னு ஆயிடாது.

இந்த ரெண்டையும் பிரிச்சுருங்க. உங்க கல்யாணத்துக்கு ஆன செலவு உங்க கடன், அத்தைக்கு மரியாதையா திருப்பிக் குடுக்க வேண்டியது. மாசம் 10,000 வீதம் குடுத்தா 25 மாசத்துல முடிஞ்சிரும், நீங்க யோசிச்ச கார் இ.எம்.ஐ.யைவிட குறைவு. பேங்க் மூலமா மட்டும் அனுப்புங்க, கல்யாணச் செலவுக்கு வாங்குன கடன்னு குறிப்பு போட்டு அனுப்புங்க. ஒரு சாதாரண பேப்பர்ல, வாங்குன தொகை, மாசம் எவ்வளவு, எப்போ முடியும்னு எழுதி அத்தையும் நீங்களும் கையெழுத்து போட்டுக்கங்க. அந்தப் பேப்பர் போட்ட அன்னைக்கே உங்க அப்பாவுக்கு வாய் திறக்கும், பாருங்க.

வீட்டுல பேசுற வரிசை

முதல்ல மனைவிகிட்ட பேசுங்க, நான் என்ன செய்யப் போறேன்னு முழுசா சொல்லி அவங்க சம்மதத்தோட செய்யுங்க, ஏன்னா அத்தையோட அடுத்த கோவம் அவங்க மேலதான் பாயும். அப்புறம் அப்பா அம்மா, அத்தை இல்லாத நேரத்துல. அப்பாகிட்ட கடனை நான் அடைக்கிறேன்னு சொல்லிட்டு ஒண்ணே ஒண்ணு கேளுங்க: நான் பேசும்போது நீங்க பக்கத்துல உக்காந்திருக்கணும், எந்திரிச்சுப் போயிரக் கூடாது.

மூணாவது மாமனார். நேர்ல போய் சொல்லுங்க, "மாமா, அன்னைக்கு நான் சொன்னது தப்பு. எங்களுக்கு நகையும் வேண்டாம், காரும் வேண்டாம், கடன் எதுவும் வாங்காதீங்க." அவர் உடனே ஒத்துக்க மாட்டார், "போனா போகுது மாப்ள, பொண்ணு நிம்மதியா இருந்தா போதும்"னுதான் சொல்வார், பொண்ணைப் பெத்தவங்க பயம் அப்படி. அதனால வீட்டுக்கு வந்து அதையே வாட்ஸ்அப்லயும் எழுதி அனுப்புங்க. அது அவருக்கு தைரியம், உங்களுக்கும் ஒரு பதிவு. ஆனா மெசேஜ் அனுப்பிட்டு வீட்டுல அத்தை பேசுறதை வேடிக்கை பாத்தீங்கன்னா அந்த மெசேஜ் எங்கயும் உங்களைக் காப்பாத்தாது.

கடைசியாத்தான் அத்தை. மனைவி அந்த இடத்துல இருக்க வேண்டாம். கடன் பேப்பரை முதல்ல குடுங்க, அப்புறமா, "அத்தை, உங்க பணம் என் பொறுப்பு. அவங்க வீட்டுல இருந்து இனி ஒரு குண்டுமணி தங்கம்கூட கேக்கக் கூடாது, கேட்டா நாங்க ரெண்டு பேரும் தனியா போயிருவோம்"னு சொல்லுங்க. சொன்னா செய்யணும், அதனால ஒரு வாடகை வீடு பாத்து வச்சுட்டே சொல்லுங்க. போலீஸ், கேஸ்னு அந்தப் பேச்சுல இழுக்காதீங்க, அது மிரட்டலா மாறி பேச வந்த விஷயம் காணாம போயிரும்.

பீரோவுல இருக்குற நகை

இதுதான் அவசரம். பொண்ணுக்குப் போட்ட நகை அவங்க ஸ்த்ரீதனம், உங்களோடதும் இல்ல, அத்தையோடதும் இல்ல, கூட்டுச் சொத்தும் இல்ல. 1985லயே பிரதிபா ராணி வழக்குல, அதை வாங்கி வச்சிருக்கிறவங்க பாதுகாப்புக்கு வச்சிருக்கிறவங்கதான், திருப்பித் தராம எடுத்துக்கிட்டா நம்பிக்கை மோசடின்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. வரதட்சணையா வந்த நகையாவே இருந்தாலும், வேற யார் கையில இருக்கோ அவங்க மூணு மாசத்துக்குள்ள அந்தப் பொண்ணுகிட்ட ஒப்படைக்கணும்னு வரதட்சணைத் தடைச் சட்டத்தோட 6ஆவது பிரிவு சொல்லுது. உங்களுக்கு நாலு மாசம் ஆச்சு.

மனைவி பேர்ல பேங்க் லாக்கர் எடுங்க. நகையை வாங்குற அன்னைக்கு ஒவ்வொண்ணையும் எடை போட்டு போட்டோ எடுத்து, என்ன நகை, தோராயமா என்ன மதிப்பு, யார் குடுத்தாங்க, அவங்க என்ன உறவுன்னு எழுதி நீங்க ரெண்டு பேரும் கையெழுத்து போட்டுருங்க. இந்த லிஸ்ட் நான் கண்டுபிடிச்சது இல்ல, அதே சட்டத்தோட 1985 விதிகள்படி கல்யாணத்தப்பவே, இல்லன்னா முடிஞ்ச சீக்கிரம் எழுதியிருக்கணும், நம்ம ஊர்ல யாரும் எழுதுறது இல்ல, மொய் நோட்டு மட்டும் பைசா சுத்தமா எழுதுறோம். பீரோவைத் திறக்க அத்தை சாக்கு சொல்லிக்கிட்டே இருந்தாங்கன்னா, நகை ஏற்கனவே அடகுல இருக்கான்னு ஒரு சந்தேகம் வச்சுக்கங்க. அந்தக் கட்டத்துல மனைவி பேர்ல ஒரு வக்கீல் நோட்டீஸ் போறதுதான் சரி.

பேசியும் நிக்கலைன்னா

தனியா போனதுக்கு அப்புறமும் போன்ல, சொந்தக்காரங்க மூலமான்னு தொல்லை தொடர்ந்தா, நேரா எஃப்.ஐ.ஆர். போடுறதுக்கு முன்னாடி ரெண்டு இடம் இருக்கு. ஒண்ணு மாவட்ட சமூக நல அலுவலர், தமிழ்நாட்டுல வரதட்சணைத் தடுப்பு அலுவலரும் அவங்கதான், ரெண்டு பக்கத்தையும் கூப்பிட்டு விசாரிப்பாங்க. இன்னொண்ணு, குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005ல உங்க மனைவி பாதுகாப்பு உத்தரவு கேக்கலாம், அத்தை கூடவே ஒரே வீட்டுல இருந்தவங்கங்கிறதால அவங்க மேலயும் கேக்கலாம், அந்த உத்தரவை மீறுனாதான் அது குற்ற வழக்காகும். வக்கீல் ஃபீஸ் பத்தி கவலை வேண்டாம், வருமானம் எவ்வளவா இருந்தாலும் பெண்களுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல இலவச வக்கீல் உண்டு. அவசரம்னா 181க்கு போன் பண்ணலாம், அது மகளிர் உதவி எண்.

அனைத்து மகளிர் காவல் நிலையத்துல வரதட்சணைப் புகார் குடுக்குறது அவங்க உரிமை, அதை நீங்க தடுக்கக் கூடாது, அடி உதைன்னு வந்தா முதல் நாளே போகணும். ஆனா வரதட்சணைத் தடைச் சட்டத்துல வழக்குப் பதிவானா அப்புறம் "சமாதானம் ஆயிட்டோம்"னு கீழ் கோர்ட்ல சொல்லி முடிக்க முடியாது, ஹைகோர்ட் வரைக்கும் போகணும், அது தெரிஞ்சு போங்க. மாமனார் ஏற்கனவே 30 பவுன் போட்டதால தானும் மாட்டிப்போம்னு பயந்தார்னா, பாதிக்கப்பட்டவங்க குடுக்குற வாக்குமூலத்தை வச்சு அவங்க மேல இந்தச் சட்டத்துல வழக்கு போட முடியாதுன்னு 7ஆவது பிரிவுல இருக்குன்னு சொல்லுங்க. வாய்ஸ் மெசேஜ் எதையும் அழிக்காதீங்க. வேற போனுக்கு ஃபார்வேர்ட் பண்ணி வச்சா மட்டும் பத்தாது, முதல்ல வந்த அந்த போன்லயே இருக்கணும்.

அத்தை கோவிச்சுக்கிட்டு உறவே வேண்டாம்னு சொல்லலாம், சொல்வாங்க. நீங்க மாசா மாசம் தவணையை மட்டும் நிறுத்தாதீங்க. அவங்க வீட்டு விசேஷம் வந்தா கூப்பிடலைன்னாலும் போங்க, உங்க சம்பளத்துல இருந்து உங்களால முடிஞ்சதை எழுதுங்க, மொய் நோட்டுல உங்க மனைவி பேரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்க.